கோட் சொல்லாத ஆள் விளம்பரம் பாக்காத ஆள் இல்லை

முந்தநாள் அந்தத் தண்ணி மோட்டர் கடைக்காரர் போட்ட பதிவை எல்லாரும் பாத்திருப்பியள். பாதிப்பேர் பகிர்ந்தும் இருக்கிறியள். "பேப்பர் விளம்பரம் செத்துப்போச்சு, கணக்கோட காட்டிப்போட்டன்" எண்டு. எந்த விளம்பரத்தைப் பாத்து வந்தவை எண்டு தெரியாத ஆக்களை என்ன செய்தனியள் எண்டு, அதில நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டனான். உடன ஒரு தம்பி, "பேப்பர்காரர் எவ்வளவு தந்தவை?" எண்டு கேட்டிருக்கிறார். ஒரு சதமும் தரேல்லத் தம்பி. தந்திருந்தா இதைவிட வடிவா எழுதியிருப்பன்.

அவர் செய்த வேலை பிழை எண்டு நான் சொல்லேல்ல. ஆக்கள் எந்த விளம்பரத்தைப் பாத்து வருகினம் எண்டு அறிய, கடையில சொன்னாக் கழிவு கிடைக்கிற மாதிரி விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரு கோட் போட்டவர். பேப்பருக்கு ஒரு கோட், வீடு வீடாப் போட்ட நோட்டீஸுக்கு ஒண்டு, பேஸ்புக்குக்கு ஒண்டு. ஒவ்வொண்டிலயும் வேற வேற போன் நம்பர். எந்தக் கோட்டுக்கும் ஒரே அளவு கழிவு. இதை நூறு வருசத்துக்கு முன்னமே அமெரிக்காவில தபால் வியாபாரக்காரர் செய்தவை. விலாசத்தோட "பிரிவு 4", "பிரிவு 7" எண்டு பத்திரிகைக்குப் பத்திரிகை மாத்தி அடிச்சுவிட்டு, வாற கடிதத்தை எண்ணினவை. அங்க ஒரு வசதி இருந்தது. கடிதம் எழுதிறவன் விலாசத்தை எழுதித்தான் ஆகவேணும். எங்கட கடைக்கு வாறவர் கோட்டைச் சொல்லித்தான் ஆகவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. கோட் சொல்லாத ஆள் விளம்பரம் பாக்காத ஆள் இல்லை. என்ட முழுக் கதையும் இதுதான், மிச்சத்தை வாசிக்காட்டியும் பரவாயில்லை.

அவரின்ட கணக்கை எடுப்பம். (அவரின்ட வீட்டு ஆளே பில் விவரத்தையும் போன்களையும் கொண்டுவந்து காட்டினவர். கடையை அடையாளம் பிடிக்கக்கூடாது எண்டு எண்ணிக்கையளைக் கொஞ்சம் மாத்தியிருக்கிறன்.) ஒரு மாசத்தில 140 பில். பேப்பர் கோட்டில 9, நோட்டீஸில 14, பேஸ்புக்கில 41. கோட் இல்லாமல் 76. பேப்பருக்குச் செலவு 60,000 ரூபா, பேஸ்புக்குக்கு 25,000. அவர் பிரிச்சுப் பாத்தார். பேப்பரால வந்த ஒரு பில்லுக்கு 6,667 ரூபா, பேஸ்புக்கால வந்த ஒண்டுக்கு 610 ரூபா. பதினொரு மடங்கு வித்தியாசம். உடன பதிவு.

ஐயா, அந்த 76 பேரும் ஆர்? அரைவாசிக்கு மேல பில் "தெரியாது" எண்டு கிடக்கேக்க, தெரிஞ்ச அரைவாசியை வைச்சு ஒண்டைச் சாகடிக்கிறது என்ன கணக்கு?

முதல்ல கோட்டைப் பாருங்கோ. JNP10, JNT10, JFB10. எழுதிப் பாத்தா வடிவாத்தான் இருக்கு. தோட்டத்தில இருந்து நேர வாற ஒரு ஐயா, கவுண்டரில நிண்டு "ஜே என் பி பத்து" எண்டு சொல்லுவாரோ? சொன்னாலும் சத்தத்துக்குள்ள பி, டி எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்கும். வாயால சொல்லுற கோட் ஒரு சாதாரண தமிழ்ச் சொல்லா இருக்கவேணும். பேப்பருக்கு "கறுத்தக்கொழும்பான்", நோட்டீஸுக்கு "நுங்கு", பேஸ்புக்குக்கு "பலாப்பழம்" எண்டு வைச்சுப் பாருங்கோ, பேரப்பிள்ளையும் ஞாபகம் வைச்சுச் சொல்லும். சிரிப்பு வாறதும் நல்லதுதான், சிரிச்ச சொல்லு மறக்காது. ஒண்டுக்கு "விளாட்", மற்றதுக்குக் "கறுத்தக்கொழும்பான்" எண்டு ரெண்டு மாம்பழத்தை மட்டும் வைக்காதேங்கோ. "ஏதோ மாங்காய்ப் பேர் போட்டிருந்தது" எண்டு வந்து நிப்பினம்.

இனிப் பேப்பர். எங்கட ஊரில ஒரு பேப்பரை எத்தினை பேர் வாசிக்கினம் எண்டு தெரியாத ஆள் போலக் கதைக்கிறியள். சனசமூக நிலையத்தில காலமை போய்ப் பாருங்கோ. ஒரு பேப்பர், நாலாப் பிரிச்சு நாலு பேர் கையில. விளம்பரத்தின்ட மூலையில "இதை வெட்டிக் கொண்டுவந்தா கழிவு" எண்டு போட்டா, முதல் வந்தவர் வெட்டினாப் பின்பக்கத்து மரண அறிவித்தலும் சேர்ந்து போயிடும், ஊரே சண்டைக்கு வரும். அதால ஒருத்தரும் வெட்டாயினம். நம்பரைப் போனில அடிப்பினம், இல்லாட்டிக் கடைப் பேரை மனசில வைச்சுக்கொண்டு வருவினம். வந்து கோட் சொல்லாயினம். கோட் சொல்லாத ஆள் விளம்பரம் பாக்காத ஆள் இல்லை, திரும்பவும் சொல்லுறன்.

கோட் பிடிக்காததைப் பிடிக்கத்தான் தனி நம்பர். இதில அவர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார், தெரியாமலே. கோல் டிவேர்ட் போடேல்ல. கனபேர் செய்யிற பிழை அது. மூண்டு சிம் வாங்கி, மூண்டிலயும்

```
**21*07XXXXXXXX#
```

எண்டு அடிச்சு எல்லாத்தையும் ஒரு போனுக்குத் திருப்பிவிடுவினம். பிறகு அந்தப் போனில அடிச்சவரின்ட நம்பர் தெரியும், அவர் எந்த விளம்பர நம்பருக்கு அடிச்சவர் எண்டது பெரும்பாலும் தெரியாது. எதுக்குத் தனி நம்பர் வாங்கினதோ அதுவே போச்சு. போதாக்குறைக்குத் திருப்பிற கோலுக்கு வழமையா அந்த சிம்மில இருந்துதான் காசு போகும். மீதி முடிஞ்சா கோல் வராது, வரேல்ல எண்டு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதைவிட ரெண்டு சிம் போடுற மலிவுப் போன் ரெண்டு வாங்குங்கோ. செட்டிங்கில சிம்முக்குப் "பேப்பர்", "நோட்டீஸ்" எண்டு பேர் வைக்கலாம். கோல் வரேக்கயே எந்த சிம் எண்டு காட்டும், பதிவிலயும் நிக்கும். ஒவ்வொரு நாளும் கடை பூட்ட முதல் அந்தப் பதிவைக் கொப்பியில எழுதவேணும். போன் பழைய கோலுகளைத் தானா அழிச்சுப்போடும்.

புது சிம் எடுத்த உடன நம்பரை அச்சுக்குக் குடுக்கவும் கூடாது. அது முந்தி வேற ஆரோ வைச்சிருந்த நம்பரா இருக்கலாம். ஒரு கிழமை சும்மா போட்டு வையுங்கோ. "சீட்டுக்காசு எப்ப தாறாய்?" எண்டு நாளுக்கு நாலு கோல் வந்தா, அந்த நாலையும் பேந்து விளம்பரத்தின்ட கணக்கில சேர்த்துப்போடாதேங்கோ. விளம்பரம் நிண்ட உடன அதே நம்பரை அடுத்த விளம்பரத்துக்குக் குடுக்கிறதும் பிழை. பேப்பரைப் பாத்துக் குறிச்சு வைச்ச நம்பருக்கு ரெண்டு மாசத்தாலயும் ஆக்கள் அடிப்பினம்.

அவரின்ட பேப்பர் நம்பருக்கு வந்த கோலுகளை இருந்து பாத்தனாங்கள். மிஸ்ட் கோல், பிழையான நம்பர், ஒரே ஆள் அஞ்சு தரம் அடிச்சது எல்லாத்தையும் கழிச்சா 52 பேர் மிச்சம். மோட்டர் வாங்கினா உத்தரவாத அட்டையில வாங்கினவரின்ட போன் நம்பர் எழுதிறது வழக்கம். அந்த 52 நம்பரையும் கோட் இல்லாத 76 பில்லோட பொருத்தினம். 12 பொருந்திச்சுது. பன்ரண்டு பேர் பேப்பரைப் பாத்து, பேப்பர் நம்பருக்கு அடிச்சு, விலை கேட்டு, நேர வந்து காசு குடுத்து வாங்கியிருக்கினம், கோட்டை மட்டும் சொல்லேல்ல. 9 இல்லை, 21. ஒண்டுக்குச் செலவு 2,857 ரூபா.

இதிலயும் தப்பினவை இருக்கினம். கனடாவில இருந்து மகன் அடிச்சு விலை கேட்டுக் காசு அனுப்புவார், கொக்குவிலில இருந்து அம்மா வந்து வாங்குவா. அட்டையில அம்மாவின்ட நம்பர். எந்தப் பொருத்தத்திலயும் பிடிபடாது. அதுக்குத்தான் கோல் எடுக்கிறவர் கடைசியில "கடையில வந்து கறுத்தக்கொழும்பான் எண்டு சொல்லச் சொல்லுங்கோ, கழிவு இருக்கு" எண்டு ஒரு வரி சொல்லவேணும். நம்பர் தவறவிட்டதைக் கோட் பிடிக்கும், கோட் தவறவிட்டதை நம்பர் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் வைக்கிறது.

பேஸ்புக்கின்ட 41 க்கு வருவம். பில் அடிச்ச நேரத்தையும் சேர்த்துப் பாத்தா, அதில 17 பின்நேரம் நாலுக்கும் ஏழுக்கும் இடையில, ஒரே கவுண்டரில. மற்ற நேரத்தில ஒண்டு ரெண்டு அங்கொண்டு இங்கொண்டா வருது, இது மட்டும் கொத்துக் கொத்தா. இப்பிடிக் கொத்தா வந்தா வாங்கினவரைச் சந்தேகப்படாதேங்கோ, கவுண்டரைப் பாருங்கோ. கூட்டமான நேரம், ஒருத்தர் "கழிவு இல்லையோ பிள்ளை?" எண்டு கேப்பார், கசியர் பட்டியலில முதல் நிக்கிற கோட்டை அடிச்சுவிடுவா. அந்த 17 ஐயும் பேஸ்புக்கில இருந்து எடுத்துத் "தெரியாது" க்குள்ள போட்டா மிச்சம் 24. ஒண்டுக்கு 1,042 ரூபா.

பதினொரு மடங்கு எண்டது மூண்டு மடங்கும் இல்லாமல் போச்சு. பேஸ்புக் இன்னும் மலிவுதான், அதை நான் எங்க மறுத்தனான்? "மலிவு" எண்டதுக்கும் "மற்றது செத்துப்போச்சு" எண்டதுக்கும் வித்தியாசம் இருக்கெண்டுதான் கத்துறன். "தெரியாது" க்குள்ள கிடக்கிறதுகளை விகிதம் போட்டு மூண்டுக்கும் பிரிச்சுக் குடுக்கிற வேலையும் வேண்டாம். தெரியாதது தெரியாததாவே கிடக்கட்டும்.

"இவ்வளவும் செய்ய எங்களுக்கு எங்க நேரம்?" எண்டு கேப்பியள். பதிவு எழுத நேரம் இருந்தது தானே. "நம்பர் கேட்டாச் சனம் கோவிக்கும்" எண்டது மட்டும் ஞாயமான கேள்வி. உத்தரவாதத்துக்கு எண்டு கேட்டா ஒருத்தரும் கோவிக்காயினம். அந்த நம்பருக்குப் பேந்து தீபாவளி வாழ்த்தும் புது மொடல் படமும் அனுப்பினாத்தான் கோவிப்பினம். "விளம்பரம் இல்லாட்டியும் அவை வந்திருப்பினம் தானே?" எண்டு ஒரு அக்கா கேட்டவ. அக்கா, அதுதான் கெட்டிக்காரக் கேள்வி, அதுக்குக் கோட்டும் நம்பரும் மறுமொழி சொல்லாது. நோட்டீஸைச் சுன்னாகம் பக்கம் போட்டு, அதே மாதிரியான இன்னொரு பக்கத்துக்குப் போடாமல் விட்டு, ரெண்டு பக்கத்துப் பில்லையும் விளம்பரத்துக்கு முந்தின மாசத்தோட வைச்சுப் பாக்கவேணும். அது தனிக் கதை.

எனக்கு உண்மையில சுட்டது கணக்கு இல்லை. அந்தப் பதிவின்ட கடைசி வரி. "எங்கட கசியர்மாருக்கு ஒரு கோட்டை ஒழுங்கா அடிக்கத் தெரியாது" எண்டு, சிரிப்புப் பொம்மையோட. அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? மொத்தக் காசைச் சொல்ல முதல் "எங்க பாத்து வந்தனியள்?" எண்டு கேக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல. "கோட் இல்லை" எண்டு அடிக்கக் கணினியில ஒரு பொத்தானும் இல்லை. கழிவு குடுக்கவேணும் எண்டா ஏதோ ஒரு கோட்டை அடிச்சே ஆகவேணும். கோட் பட்டியலைக் கூட அவவுக்கு ஒருத்தரும் எழுதிக் குடுக்கேல்ல. பழைய பில்லின்ட பின்பக்கத்தில பேனையால தானே எழுதி, கணினி ஓரத்தில டேப் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறா. அந்தத் துண்டின்ட படமும் எனக்கு வந்தது. முதல் வரி JFB10.