கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம்?

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா மருத்துவமனையிலிருந்து சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள எங்கள் மூவறை வீட்டுக்குத் திரும்பிய அதே வாரத்தில், என் தம்பி ஓர் ஆளை வரவழைத்துக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டான். "எங்கே வேண்டும்?" என்று அவர் கேட்டபோது, குழாயும் சுவிட்சும் இல்லாத வெற்றுச் சுவராகப் பார்த்துத் தம்பி கைகாட்டினான். உள்ளே நுழையும்போது வலப்பக்கம் வருகிற சுவர் அது. அம்மாவுக்கு இடக்கையும் இடக்காலும்தான் வலுவிழந்திருந்தன என்பதால், வலக்கைக்கு எட்டும் கம்பி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

உள்ளே போகும்வரை அது சரிதான். வெளியே வரும்போது அதே கம்பி அம்மாவின் இடப்பக்கம், அதாவது விரல் மடங்காத கையின் பக்கம், வந்துவிடுகிறது. இதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கவனிக்க வைத்தது மடிப்புக் கதவின் விளிம்பில், இடுப்புக்குச் சற்று மேலே, நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே வந்த ஓர் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அம்மா வலக்கையால் அந்தக் கதவைப் பிடித்திருக்கிறார். பிடித்தால் நகர்கிற பிளாஸ்டிக் கதவு அது!

வீட்டுக்கு வந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு மலாய்ப் பெண். அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கம்பி எங்கே வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; வழக்கம்போல் உள்ளே போய், உட்கார்ந்து, எழுந்து, வெளியே வரச் சொல்லிவிட்டு, அம்மாவின் கை எங்கெங்கே போகிறது என்று மட்டும் பார்த்து, அந்த இடங்களில் ஒட்டு நாடாவைத் துண்டுதுண்டாக ஒட்டினார். தம்பி கம்பி பொருத்திய இடத்தில் ஒரே ஒரு துண்டு விழுந்தது. மற்றவை எல்லாம் வேறிடங்களில்.

எங்கள் குளியலறை சமையலறைத் தரையைவிட ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரம். படி ஏறும்போது வலுவான கால் முதலில், இறங்கும்போது வலுவிழந்த கால் முதலில் என்பது பக்கவாத நோயாளிகளுக்குச் சொல்லித்தரப்படும் முறை. இறங்குகையில் இடக்கால் கீழே தரையைத் தேடிப் போகும் அந்தக் கணத்தில், உடம்பின் முழுப் பாரமும் வலக்காலிலும் வலக்கையிலும் நிற்கிறது. ஆகவே ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பிடிமானம் அதிகம் தேவை. எங்கள் வீட்டிலோ ஏறுவதற்குக் கம்பி இருந்தது, இறங்குவதற்குக் கதவு இருந்தது.

சரிவுப்பலகை போட்டுவிடலாமே என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். சக்கர நாற்காலிக்கான சரிவு வழக்கமாக ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 120 சென்டிமீட்டர் நீளம். எங்கள் சமையலறையில் அந்த இடத்துக்கு எதிரே சலவை இயந்திரம் நிற்கிறது. நீளத்தைக் குறைத்தால் சரிவு செங்குத்தாகும். தவிர, அம்மா நாற்காலியில் போவதில்லை, கோலூன்றி நடக்கிறார். கணுக்கால் சரியாக மடங்காதவருக்குச் செங்குத்தான சரிவில் இறங்குவது படியைவிடக் கடினம்.

ஆகவே இரண்டாவது கம்பி, வெளியே வரும்போது வலப்பக்கம் அமையும்படி, வாசலையொட்டிச் செங்குத்தாகப் பொருத்தப்பட்டது. கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் மூன்றாவது: எழும்போது கீழே அழுத்தி எழக் கிடைமட்டமாக ஒரு பகுதியும், நின்றபின் பிடித்துக்கொள்ளச் செங்குத்தாக ஒரு பகுதியும் கொண்டது. துவாலைக் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் திருகுகள் துவாலையின் எடைக்கானவை. சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணம் வைத்த கம்பியும் அப்படித்தான். ஓட்டின் இணைப்புக்கோட்டின் மேல் பட்டால் காற்று புகுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் கழன்றுவிடும்.

முதியோர் இருக்கும் வீடுகளில் இத்தகைய கம்பிகளைப் பொருத்தித் தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டம் 2012இல் தொடங்கியது. 2024 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டது. வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரராக இருந்து, 65 வயதை எட்டிய குடும்பத்தினர் ஒருவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்பட்டால் 60 வயதிலிருந்தே முடியும். செலவில் 95 விழுக்காடு வரை மானியம் உண்டு. என் குறை மானியத்தைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. கைக்காசு அதிகம் போகாத காரியம் என்பதால், விண்ணப்பப் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுவிட்டு, பொருத்த வருகிறவரிடம் "வழக்கம்போல் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். துளை போட வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஒட்டு நாடாவை ஒட்டிவைத்து, பகலில் ஒரு முறையும் இரவுத் தூக்கக் கலக்கத்தில் ஒரு முறையும் கம்பியைப் பிடிக்கப்போகும் முதியவரையே நடக்கவிட்டுப் பார்க்கலாம். கைபட்டுக் கறைபடிந்த இடங்கள் ஏற்கெனவே இருந்தால் அவற்றைத் துடைத்துவிடாதீர்கள்.

கதவு விளிம்பின் கறையை இரண்டு மாதங்களுக்கு முன்னர் நான் சோப்புப் போட்டுத் தேய்த்தெடுத்தேன். இன்றுவரை அது திரும்ப வரவில்லை.