மூன்று வாரம் ஸ்பேமில் கிடந்த மடல்

"மெயிலே வரலையே சார்."

வேலை தருவார் என்று நம்பி ஒருவருக்கு எழுதிவிட்டு, மூன்று வாரம் காத்திருந்து, கடைசியில் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் இது. அவருடைய நிறுவனத்தின் சரக்கிருப்பில் பணம் எங்கே முடங்குகிறது என்று இரண்டு மாலை உட்கார்ந்து, அவருக்கென்றே எழுதிய மடல். அது லாட்டரி மோசடிக் கடிதங்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வயிறு எரிகிறது.

அவரிடம் கெஞ்சி, அந்த மடலை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Show original அழுத்தி, வருவதை அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது இது:

```
spf=permerror
dkim=none
```

எஸ்பிஎஃப் என்பது என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் நாம் எழுதி வைக்கும் ஒரு வரி. ஒரு டொமைனுக்கு அப்படி ஒரே ஒரு வரிதான் இருக்கலாம். என்னிடம் இரண்டு இருந்தன. முதலாவது மெயில் கணக்கு தொடங்கியபோது போட்டது. இரண்டாவது, செய்திமடல் அனுப்பும் ஒரு சேவையில் சேர்ந்தபோது, "இதை நகலெடுத்து TXT பதிவாகச் சேர்க்கவும்" என்றார்கள், சேர்த்தேன்.

```
v=spf1 include:_spf.mail.example ~all
v=spf1 include:_spf.news.example ~all
```

இரண்டு வரி இருந்தால் பெறும் சர்வர் இரண்டையும் சேர்த்துப் படிக்காது, நல்லதைத் தேர்ந்தெடுக்கவும் செய்யாது. permerror, அதாவது பிழை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடும். அதாவது, புதிய வரி போட்ட அந்த நிமிடமே பழைய வரியும் செத்துவிட்டது. "ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதோடு இணைக்கவும்" என்று ஒரு வாக்கியம் எழுத இவர்களுக்கு என்ன கேடு? சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவதை அழித்துவிட்டு, முதலாவதை இப்படி மாற்றினேன்:

```
v=spf1 include:_spf.mail.example include:_spf.news.example ~all
```

அடுத்து டிகேஐஎம். இது ஒவ்வொரு மடலிலும் குத்தப்படும் டிஜிட்டல் முத்திரை. என் மெயில் சேவையில் அது அணைந்தே இருந்திருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் போய் நாமே சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் சேர்த்து, இயக்க வேண்டுமாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மெயில் அனுப்புகிறவருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது சரியாக இருந்தாக வேண்டும். என்னிடம் ஒன்றுகூடச் சரியாக இல்லை. யாருமே சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கையொப்பம். "தொழில்முறையாகத் தெரிய வேண்டும்" என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் செய்து கொடுத்தது. பெயர், தொலைபேசி எண், லோகோ எல்லாமே ஒரே பெரிய படம். கீழே ஆறு சமூக ஊடகச் சின்னங்கள், ஒவ்வொன்றும் கிளிக் எண்ணிக்கை பார்க்கும் ஏதோ ஒரு டொமைன் வழியாகச் சுற்றிப் போகும். நான் எழுதியது நான்கே வரி, அதன் அடியில் என் டொமைனுக்குச் சம்பந்தமே இல்லாத ஆறு லிங்க். அதே டொமைனை மோசடிக்காரர்களும் பயன்படுத்தினால் அந்தக் கெட்ட பெயர் என் மடலுக்கும் ஒட்டும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கோ என் தொலைபேசி எண்கூடத் தெரியாது, வெறும் கட்டம்தான். இதற்கா காசு கொடுத்தேன்!

இப்போது என் கையொப்பம் வெறும் எழுத்து. பெயர், செய்யும் வேலை ஒரு வரியில், தொலைபேசி எண், என் சொந்தத் தள முகவரி. புதியவர்களுக்கு எழுதும்போது மட்டும் இன்னொரு வரி: "இனி எழுத வேண்டாம் என்றால் பதிலில் ஒரு சொல் போதும்." மறுக்க எளிய வழி இல்லாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். அந்த அழுத்தம் அடுத்து நான் வேறு யாருக்கு எழுதினாலும் என்னைத் துரத்தும்.

அனுப்பும் விதத்திலும் தவறு இருந்தது. ஒரே மடலை, மறைநகலில் அறுபது பேரைப் போட்டு, திங்கட்கிழமை காலையில் ஒரே தட்டில் அனுப்பச் சொன்னது ஒரு பயிற்சி வகுப்பு. அந்த அறுபதில் செத்துப்போன முகவரிகளும் இருந்தன. அவை திரும்பி வந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது ஒரு நாளைக்கு எட்டு பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. திரும்பி வந்த முகவரிக்கு மறுபடி எழுதுவதில்லை. முதல் மடலில் இணைப்புக் கோப்பும் கிடையாது.

இப்போது எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுமே pass என்று வருகின்றன. அதனால் மட்டும் இன்பாக்ஸ் உறுதி என்று சொல்ல முடியாது; pass என்றால் அனுப்பியது நான்தான் என்று உறுதியாகிறது, அவ்வளவே. டொமைன் சம்பாதித்த கெட்ட பெயர் மெல்லத்தான் கரைகிறது. பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, ஸ்பேமில் கிடப்பதை Not spam என்று குறித்து, ஒரு பதிலும் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் செய்திமடல் சேவைக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் இன்றும் "இந்த வரியைச் சேர்க்கவும்" என்று மட்டும்தான் இருக்கிறது.