நேட்டோவில் சேர்ந்தால் 'ஜெயிக்கிற பக்கம் ஒட்டிக்கொண்டதா'?

அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவில் ஃபின்லாந்து சேர்ந்ததைப் பற்றி நேற்று ஒரு விவாதம். "ஃபின்லாந்து பெரிய கூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது, இதுதான் பேண்ட்வேகனிங்" என்றார் ஒருவர். நான் மறுத்ததும் "சார் புத்தகத்தை மூடிவிட்டு உலகத்தைப் பாருங்கள்" என்று ஒரு சிரிப்பு. சரி, பார்ப்போம்.

பேண்ட்வேகனிங் என்றால் பெரிய பக்கம் சேர்வது மட்டும் இல்லை. உன்னைப் பயமுறுத்துகிறவனோடே சேர்வது. அவனுக்கு எதிராக இன்னொருவரோடு சேர்ந்தால் பேலன்சிங். சர்வதேச அரசியல் அறிஞர் ஸ்டீபன் வால்ட் 1987-லேயே சொன்னார்: நாடுகள் எடை போடுவது பலத்தை மட்டுமல்ல, அச்சுறுத்தலை. யார் பக்கத்தில் இருக்கிறார், யாருக்குத் தாக்கும் எண்ணம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் சேரும். ஃபின்லாந்துக்கு ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. பயம் அந்தப் பக்கத்திலிருந்துதான். 2022-இல் உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது, 2023 ஏப்ரலில் ஃபின்லாந்து நேட்டோ உறுப்பினர். நேட்டோ பெரிய கூட்டம்தான், ஆனால் ஃபின்லாந்து பயந்தது நேட்டோவைப் பார்த்தா?

"அப்படியானால் 1948-இல் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டார்களே?" போட்டார்கள். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், விட்டால்தானே. 1939-இல் சோவியத் படை தாக்கியபோது ஃபின்லாந்துக்காக எந்த நாடும் போரில் இறங்கவில்லை. 1944-இல் தோற்று நிலத்தை இழந்து, ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் இருக்கிற போர்க்கலாவையும் சோவியத் கடற்படைத் தளத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். கைகொடுக்க ஆள் இல்லாத சிறிய நாடு பெரியவன் பக்கம் சாயும் என்பதும் வால்ட் சொன்னதுதான். ஆனால் எவ்வளவு சாய்ந்தார்கள் என்று பாருங்கள். ஹங்கேரி, ருமேனியாவோடு போட்டதைப் போல ஒன்று போடலாம் என்று ஸ்டாலின் கடிதம் எழுதினார். ஃபின்லாந்து பேரம் பேசி, ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ தன் நிலத்தின் வழியாகத் தாக்கினால் மட்டும், தன் எல்லைக்குள் நின்று போரிடுவோம் என்று சுருக்கியது. சோவியத் உதவிப்படை வருவதும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான். சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா உடன்படிக்கையில் சேரவில்லை. 1956-இல் போர்க்கலா திரும்பி வந்தது. கட்டாய ராணுவப் பயிற்சி கடைசிவரை தொடர்ந்தது.

என் அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அரிசி மண்டி. முதலாளி ஊரையே மிரட்டுகிற ஆள். அப்பா தினமும் வணக்கம் வைப்பார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவார். கடன் மட்டும் அவரிடம் வாங்கவே மாட்டார். அவரைக் கோழை என்று சொன்ன சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தத் தெருவில் கடை வைத்ததில்லை.

"பத்திரிகைகள் மாஸ்கோவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டனவே, அதிபர் கெக்கோனன் கால் நூற்றாண்டு நாற்காலியை விடவில்லையே" என்பீர்கள். உண்மைதான், அசிங்கம்தான். அதற்காக சோவியத் பிடிக்குள்ளேயே இருந்த போலந்தும் ஃபின்லாந்தும் ஒன்றாகிவிடுமா?

அப்புறம், நான் மேற்குலகின் கைக்கூலியாம். ஃபின்லாந்து மாஸ்கோவுக்குத் தலையாட்டிய காலத்துக்கும் நான்தான் நியாயம் சொல்கிறேன், கைக்கூலி அதைச் செய்வானா? அப்படிச் சொன்னவரிடம் இதைக் கேட்டேன், அவரை பிளாக் செய்யவில்லை. பதில் இன்னும் வரவில்லை.