ரெண்டு நாலு என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

வேலூர், ஆரணி பக்கமிருந்து வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புடவையும் வளையலும் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளையல் சைஸை வெறும் நம்பராகக் கேட்டு ஆர்டர் எடுக்காதீர்கள். டொரண்டோவிலிருந்து திருப்பி அனுப்பும் கூரியர் காசில் இன்னொரு செட்டே வாங்கிவிடலாம்.

நம் கடைத்தெருவில் "ரெண்டு நாலு" என்றால் இரண்டு அங்குலமும், ஓர் அங்குலத்தைப் பதினாறாக்கியதில் நாலு பங்கும். அதாவது இரண்டே கால் அங்குலம், உள்விட்டம் 57 மி.மீ. அதை 2.4 என்று டைப் செய்து அனுப்பினால் அங்கே தசமமாகப் படிப்பார்கள். ஸ்கேலில் 2.4 அங்குலம் என்பது 61 மி.மீ., நம் கணக்கில் ரெண்டு ஆறு. தன் வளையலை அளந்துவிட்டு 2.4 என்று எழுதுபவருக்கு ரெண்டு நாலு போய்ச் சேரும், விரல் மூட்டோடு நின்றுவிடும்.

இப்படிக் கேளுங்கள்: "அக்கா, கைக்குச் சரியா இருக்கிற வளையல் ஒண்ணை ஸ்கேல் மேல வச்சு, உள்விளிம்புல இருந்து உள்விளிம்பு வரைக்கும் தெரியற மாதிரி போட்டோ அனுப்புங்க." வெளிவிளிம்பை அளந்துவிடுவது அடிக்கடி நடக்கும். 2 மி.மீ. தடிமனான வளையலில் அது 4 மி.மீ. கூட்டிக் காட்டும். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே 3 மி.மீ. சொச்சம்தான். வளையலே இல்லாதவர்கள், கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துக் கையைக் குவித்து, மூட்டைச் சுற்றி நூல் பிடிக்கட்டும். நூல் 190 மி.மீ. என்றால் 3.14-ஆல் வகுக்க 60.5, ரெண்டு ஆறு.

புடவையில் சண்டை வருவது நிறத்தால். மயில்கழுத்து நிற ஆரணிப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. ஒரே போட்டோவில் அது பிடிபடாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வெயில் நேரே படாத இடத்தில் விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். தாள் போட்டோவில் மஞ்சளாகத் தெரிந்தால் புடவை நிறமும் பொய். முந்தானையை மெல்லச் சாய்த்து பத்து விநாடி வீடியோவும் அனுப்புங்கள்.

பேக்கிங்கில் பெரிய கிஃப்ட் பாக்ஸ் வேண்டாம். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். நிஜ எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் பில். 40×30×10 பெட்டி 2.4 கிலோ ஆகிவிடும், உள்ளே முக்கால் கிலோ புடவைதான் இருந்தாலும். தட்டையாக மடித்து 30×25×5-க்குள் அடக்கினால் 0.75 கிலோ.

சுங்கவரி பற்றிப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ல் நின்றுபோனது. வீட்டு வாசலில் திடீரென்று வரி கேட்டால் வாங்கியவர் உங்களைத்தான் சந்தேகப்படுவார். "கிஃப்ட், பத்து டாலர்" என்று போட்டுத் தரச் சொன்னாலும் செய்யாதீர்கள். அது பொய்க் கணக்கு. பார்சல் தொலைந்தால் இன்சூரன்ஸும் அந்தப் பத்து டாலருக்கு மேல் தராது.