எழுத்துல குடுங்கன்னு கேட்டா அது திமிரா?

புதுப் பதவியும் சம்பள உயர்வும் தர்றேன்னு மீட்டிங்ல வாயால சொன்ன மேனேஜருக்கு ஒரு பொண்ணு அனுப்பின லெட்டரப் பத்தி நேத்து வந்த கமெண்ட் எல்லாம் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. "மேனேஜர் மேல நம்பிக்கை இல்லையா", "இப்பவே இப்படின்னா நாளைக்கு எப்படி"ன்னு ஆளாளுக்கு எழுதியிருக்காங்க. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, வாயால சொன்னத எழுத்துல உறுதிப்படுத்துங்கன்னு. அவ்ளோதான்.

லெட்டர ஒழுங்காப் படிச்சீங்களா? எந்தத் தேதி மீட்டிங்ல பேசினோம், புதுப் பதவி என்ன, யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், எந்தத் தேதில இருந்து அமலாகும், சம்பளம் 20 சதவீதம் கூடும்னு சொன்னீங்களே அது பேசிக்குக்கா மொத்தத்துக்கான்னு கேட்டு, "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தா திருத்துங்க"ன்னும் எழுதியிருக்கா. இதுல எங்க மரியாதை குறைஞ்சுது?

அந்த பேசிக் கேள்வி சின்ன விஷயம் இல்லைங்க. மொத்தச் சம்பளத்துல பாதிதான் பேசிக்னா, பேசிக்குல 20 சதவீதம் ஏத்தி மத்ததத் தொடாம விட்டா மொத்தத்துல கூடுறது வெறும் 10 சதவீதம்தான். அவரும் 20னுதான் சொன்னாரு, பொய் இல்ல, ஆனா கைக்கு வர்றது பாதி. தேதியும் அப்படித்தான், புது வேலை இன்னைக்கே தலைல ஏறிடும், சம்பளம் மட்டும் "அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம்"னு தள்ளிப் போகும், தேதி எழுதாத வாக்குல அரியர்னு கேக்கக்கூட வழி கிடையாது.

எனக்கு நடந்துச்சு. டீம் லீட் நீதான்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு என் பழைய மேனேஜர், நல்ல மனுஷன், இப்பவும் சொல்றேன். நானும் ரெண்டு பேர் வேலைய இழுத்துப் போட்டுச் செஞ்சேன். திடீர்னு அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. புதுசா வந்தவர் என் ஃபைலத் திறந்து, ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டி, "இதுல ஒண்ணுமே இல்லையே"ன்னாரு. அவர் மேலயும் தப்பில்ல, அதுல நிஜமாவே ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கல.

"மேனேஜர் பதில் போட்டா மட்டும் சம்பளம் வந்துடுமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சரியான கேள்விதான், நிறைய இடத்துல சம்பளத்த முடிவு பண்றது எச்ஆரும் ஃபைனான்ஸும், மேனேஜர் கையில பரிந்துரைதான் இருக்கும். அதனாலதான் அவ எச்ஆரையும் சிசில போட்டு, ஆர்டர் எப்ப வரும்னு கேட்டிருக்கா. பதிலே வரலன்னா அத சம்மதம்னு எடுத்துக்க முடியாது, ஒரு வாரம் பாத்துட்டு அதே மெயில் மேலயே திரும்பக் கேக்கணும். "பட்ஜெட் அப்ரூவல் இன்னும் வரல"ன்னு பதில் வந்தாக்கூட நல்லதுதான், நாம நிக்கிற இடம் தெரியும்ல.

இன்னொருத்தர் "உறவு கெட்டுடும்"னு எழுதியிருக்கார். ரெண்டு வரி கேட்டதுக்குக் கெடுற உறவு கெட்டா கெட்டுப் போகட்டும்.

மேனேஜர்களே, லீவு வேணும்னா மெயில் போடுங்கிறீங்க, லேட்டா வந்தா விளக்கம் எழுதிக் குடுங்கிறீங்க, வேலைய விடுறேன்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டீங்க, லெட்டர் கேப்பீங்க. அப்பல்லாம் எங்க மேல நம்பிக்கை இல்லையான்னு நாங்க ஒரு நாளாவது கேட்டிருக்கோமா?