ரிலே சுருளும் 12 வோல்ட்டும்: உண்மை விளக்கம்

"12 வோல்ட் ரிலேயை அணைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? சுருளுக்குக் குறுக்கே போடும் டயோடு வெறும் வீண் செலவு."

இது தவறு, இதை நம்பியவர்கள் ரிலேயை இயக்க வைத்த டிரான்சிஸ்டர்கள்தான் பலியாகின்றன.

சுருளின் தடை 400 ஓம், தூண்டல் 1 ஹென்றி என்று கொள்வோம். மின்னோட்டம் 30 மில்லிஆம்பியர். அது ஓடும்வரை இரும்பு உள்ளகத்திலும், அதைவிட முக்கியமாகக் காற்று இடைவெளியிலும் காந்தப்புலம் நிற்கிறது. ஆற்றல் சேர்ந்திருப்பது அந்தப் புலத்தில்தான். அளவு ½LI², அதாவது 0.45 மில்லிஜூல்.

மிகச் சிறியதுதான். ஆனால் டிரான்சிஸ்டர் அணைந்ததும் மின்னோட்டம் அந்தக் கணமே மறைய முடியாது. மின்னோட்டம் குறைந்தால் புலம் சுருங்குகிறது. சுருங்கும் புலம் அதே திசையில் மின்னோட்டத்தைத் தொடரச் செய்யும் மின்னழுத்தத்தைச் சுருளில் தூண்டுகிறது. அதன் அளவு L × dI/dt. 30 மில்லிஆம்பியர் 10 மைக்ரோவினாடியில் அறுந்தால் கணக்குப்படி 3,000 வோல்ட்! மின்கலத்தின் 12 வோல்ட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நடைமுறையில் அவ்வளவு ஏறுமுன்பே, 45 வோல்ட் மட்டும் தாங்கும் பிசி547 டிரான்சிஸ்டர் முறிந்துவிடும். முதல் முறையே சாகாமல் சில நாள் உழைத்துவிட்டுச் சாவதும் உண்டு. அதனால்தான் இந்தத் தவறான நம்பிக்கை நீடிக்கிறது.

சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக டயோடு இருந்தால் மின்னோட்டம் அதன் வழியே சுற்றி, சில மில்லிவினாடிகளில் சுருளின் தடையிலேயே வெப்பமாகித் தணிகிறது. டிரான்சிஸ்டர் காண்பது சுமார் 12.7 வோல்ட். ரிலே விடுபடச் சற்றுத் தாமதமாகும். வேகம் தேவையென்றால் டயோடுடன் தொடராக ஒரு ஜீனர் டயோடை எதிர்முகமாகச் சேர்க்கலாம்.