கழுகிடம் 4, செடியிடம் 0.004

தங்கச்சி பையன் போன வாரம் அணைக்கட்டிலிருந்து குடியாத்தத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. கையில் ஒரு மாதிரி வினாத்தாள் கட்டு. எந்தப் பயிற்சி மையம் அச்சடித்தது என்று இங்கே எழுதப் போவதில்லை, அது தேவையும் இல்லை. அதில் ஒரு கேள்விக்குத் தான் போட்ட விடை தப்பு என்று விடைக்குறிப்பு சொல்வதாக முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

கேள்வி இதுதான். மல்லாட்டைச் செடி, எலி, சாரைப்பாம்பு, கழுகு என்று ஓர் உணவுச் சங்கிலி. கழுகின் மட்டத்தில் 4 கிலோ ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் அடுத்ததற்கு 10 சதவீதம்தான் போகிறது என்றால் செடியில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? பையன் 4000 கிலோ ஜூல் என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் 0.004 கிலோ ஜூல்.

பையன் சரி, விடைக்குறிப்பு தப்பு. கழுகிடம் 4 இருக்கிறது, அதற்கு மூலமான மொத்தச் செடியிடமும் 0.004தான் இருந்தது என்றால், மீதி எங்கிருந்து வந்தது? பாம்பு வயிற்றில் உற்பத்தியானதா? செடியிலிருந்து மேலே போகப் போகக் குறைவதுதான் விதி. ரேமண்ட் லிண்ட்மேன் 1942-இல் ஒரு சிறிய ஏரியை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பத்து விழுக்காடு விதி அதைத்தான் சொல்கிறது. மேலேயிருந்து கீழே திரும்பி வந்தால் கூடத்தான் வேண்டும். 4-ஐப் பத்தில் ஒன்றாக மூன்று தடவை குறைத்துக்கொண்டே போனவர், கழுகை நெல்லும் மல்லாட்டையும் விளைகிற இடத்தில் நிற்க வைத்துவிட்டு, செடியை மரத்து உச்சியில் ஏற்றிவிட்டார்.

அந்த மையத்து எண்ணுக்கு போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஒரு மட்டம் மாறினா பத்தில் ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார். எந்தப் பக்கம் மாறினால் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "தலைகீழ்க் கூம்பும் உண்டே மேடம்" என்றார். உண்டுதான். ஆனால் அது உயிர்த்திரள் கூம்பு, அதாவது ஒவ்வொரு மட்டத்திலும் இருக்கிற உயிர்களின் எடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிற படம். நீர்நிலையில் ஒரு நேரத்தில் மிதந்துகொண்டிருக்கிற நுண்பாசியின் எடை, அதைத் தின்னும் உயிர்களின் எடையைவிடக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் பாசி சீக்கிரம் சீக்கிரமாகப் பெருகிக்கொண்டே இருக்கும், தின்னத் தின்ன வந்துகொண்டேயிருக்கும். ஆற்றல் கூம்பு அப்படித் தலைகீழாகாது. ஆண்டுக்கு எவ்வளவு ஓடியது என்று கணக்கெடுத்தால் கீழே இருப்பதுதான் எப்போதும் பெரிது.

சரி, அவரை விடுங்கள். என் கவலை அந்த விடைக்குறிப்பைவிட, சரியான விடை போட்ட பையனைப் பற்றியது.

எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "மேலே போனா பூஜ்யம் வெட்டணும், கீழே வந்தா பூஜ்யம் சேர்க்கணும் பெரிம்மா, டியூஷன்ல சொல்லிக்குடுத்தாங்க" என்றான். 4, 40, 400, 4000. மூன்று தாவல், மூன்று பூஜ்யம். அழகாக இருக்கிறது. நான் உடனே சதவீதத்தை மாற்றினேன். "இப்போ 10 இல்ல, 20 சதவீதம். கழுகுக்கு 1 கிலோ ஜூல். பாம்புக்கு எவ்வளவு?"

"இருபது."

யோசிக்கவேயில்லை. பத்து சதவீதம் என்றால் பத்தால் பெருக்கு, இருபது சதவீதம் என்றால் இருபதால் பெருக்கு. 10 என்ற எண்ணின் கோளாறே இதுதான். நூறைப் பத்தால் வகுத்தாலும் பத்தேதான் வருகிறது. அதனால் சதவீதத்தைப் புரிந்துகொண்டவனும் புரியாதவனும் ஒரே விடையைப் போடுகிறார்கள், தப்பு வெளியே தெரிவதில்லை. 20 ஆனதும் தெரிந்துவிடுகிறது. 5 சதவீதம் வைத்தால் இன்னும் வேடிக்கை: இவர்கள் ஐந்தால் பெருக்குவார்கள், உண்மையில் இருபதால் பெருக்க வேண்டும். பத்து விழுக்காடு விதி பாடத்தில் இருக்கட்டும், ஆனால் தேர்வில் ஒரு தடவையாவது வேறு சதவீதத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்திலேயே நின்றால் நாம் சோதிப்பது பூஜ்யம் எண்ணும் திறமையை மட்டும்தான்.

வீட்டில் வறுத்த மல்லாட்டை இருந்தது. முறத்தில் கொட்டி, ஒரே ஒரு பருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "இது கழுகோடது. பாம்புகிட்ட இருந்ததுல நூத்துக்கு இருபதுதான் கழுகுக்கு வந்தது. அதாவது அஞ்சுல ஒண்ணு. அப்போ பாம்புகிட்ட எத்தனை?" ஐந்தை எண்ணி வைத்தான். எலியிடம்? ஒவ்வொரு பாம்புப் பருப்புக்கும் ஐந்து, மொத்தம் 25. செடியிடம் 125. தரையில் நான்கு குவியல் ஆனது. கடைசிக் குவியலை எண்ணும்போது அலுத்துக்கொண்டான், இரண்டு பருப்பு வாய்க்குள் போனதையும் பார்த்தேன்.

"இருபதால பெருக்கியிருந்தா?" என்றேன். 1, 20, 400, 8000. எட்டாயிரம் பருப்பு என்றால் எடையில் சுமார் நாலு கிலோ வரும். ஒரு பருப்புக்காக நாலு கிலோ! அவனே சிரித்துவிட்டான்.

அப்புறம் அவன் இன்னொன்று சொன்னான், அதைக் கேட்டுத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அவன் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை வேறு மாதிரி போடுவாளாம். 20 சதவீதம் மேலே போகிறது, 80 சதவீதம் வீணாகிறது. அப்படியானால் திரும்பி வரும்போது வீணான 80 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே? கழுகிடம் 1, பாம்பிடம் 1.8. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விடையும் பெரிதாகத்தான் வருகிறது, அதனால் 0.004 மாதிரி பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. என் பார்வையில் மூன்று தப்புகளில் இதுதான் மோசமானது.

இதைப் புரியவைக்க உணவுச் சங்கிலியை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஆடித் தள்ளுபடியில் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் 20 சதவீதம் குறைத்து 800 ரூபாய்க்குப் புடவை எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலை என்ன? 800-க்கு 20 சதவீதம் 160, சேர்த்தால் 960 என்பார்கள். 960-இல் 20 சதவீதம் குறைத்துப் பாருங்கள், 768 வருகிறது, 800 வரவில்லை. ஏனென்றால் கடைக்காரர் குறைத்தது பழைய விலையில் 20 சதவீதம், நாம் கொடுத்த விலையில் அல்ல. பழைய விலை 1000. பாம்புக் கதையும் இதேதான். மூச்சு விட்டதிலும், வெப்பமாகப் போனதிலும், கழுகு தின்னாமல் செத்து மக்கியதிலும் போன அந்த 80 சதவீதம், பாம்பிடம் இருந்ததில் 80 சதவீதம். அதைக் கழுகிடம் இருப்பதன் மேல் வைத்துக் கணக்குப் போட்டால், பாம்பின் செலவைக் கழுகின் வருமானத்தை வைத்து அளப்பது போலாகிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி போதும். கிடைத்த எண்களைச் சங்கிலியில் அம்புக்குறி போகிற வரிசையில் எழுதிவிட்டு, செடியிலிருந்து திரும்ப மேலே ஏறிப் பாருங்கள். 125-இல் 20 சதவீதம் 25, அதில் 5, அதில் 1. கொடுத்த எண்ணில் வந்து நின்றால் சரி. 1.8-இல் 20 சதவீதம் 0.36, நிற்கவில்லை. அம்புக்குறி என்றதும் ஞாபகம் வருகிறது: அது தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகும். "எலி செடியைத் தின்கிறது" என்று வாக்கியமாக நினைத்துக்கொண்டு எலியிலிருந்து செடிக்கு அம்பு போடுகிற பிள்ளைகள் நிறைய. அம்பு தலைகீழானால் கணக்கும் கூடவே தலைகீழாகும். அந்த வினாத்தாள் போட்டவருக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பையனுக்கு ஓர் உண்மையான கணக்கையும் காட்டினேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் ஹோவர்ட் ஓடம் அளந்து 1957-இல் வெளியிட்டது. ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோ கலோரி. தாவர உண்ணிகளுக்கு 3,368. அவற்றைத் தின்பவற்றுக்கு 383. உச்சியில் இருப்பவற்றுக்கு 21. எங்கேயும் சரியாகப் பத்து இல்லை. முதல் தாவலில் சுமார் 16 சதவீதம், அடுத்ததில் 11, கடைசியில் ஐந்தரை. பத்து என்பது பல இடங்களையும் பார்த்துத் தோராயமாகச் சொல்கிற எண்.

இப்படி ஒவ்வொரு தாவலுக்கும் வேறு வேறு சதவீதம் இருக்கும்போது, திசை தெரியாதவன் இன்னொரு இடத்திலும் விழுவான். உச்சியில் 21 என்று கொடுத்து அதற்குக் கீழ் மட்டத்தைக் கேட்டால், கடைசித் தாவலின் ஐந்தரை சதவீதத்தால்தான் வகுக்க வேண்டும். 21-ஐ 0.055-ஆல் வகுத்தால் 382 வருகிறது, அளந்த 383-க்குப் பக்கம்தான். கேள்வியில் முதலில் எழுதியிருக்கிறதே என்று 16 சதவீதத்தை எடுத்தால் சுமார் 131 வரும். ஆனால் செடி வரைக்கும் இறங்கிப் போனால் மூன்று சதவீதத்தையும் எந்த வரிசையில் வகுத்தாலும் கடைசி விடை ஒன்றுதான், அதனால் அங்கே இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளும். நடு மட்டத்தைக் கேட்டால்தான் மாட்டும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நேற்று அந்த மையத்திலிருந்து புதுத் தாள் வந்திருப்பதாகப் பையன் படம் எடுத்து அனுப்பினான். திருத்தியிருக்கிறார்கள். விடை அதே 0.004 கிலோ ஜூல். கேள்வியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்: "செடியில் 4 கிலோ ஜூல் இருந்தால் கழுகுக்கு எவ்வளவு?" கணக்கு இப்போது சரி. மேலேயிருந்து கீழே வருகிற கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் இப்போது இல்லை.